ஒருநாள் நோய்க்கு மருத்துவச் சான்றிதழ்: எப்போது தேவை, எப்போது தகவல் போதும்?

காலை ஆறரை மணிக்கு அலுவலக வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வருகிறது: "சார், நேத்து ராத்திரியிலிருந்து வாந்தி, பேதி. இன்னைக்கு வர முடியாது." எட்டு மணிக்குப் பதில்: "ஓகே. வரும்போது எம்.சி. கொண்டு வாங்க." படுத்துக் கிடப்பவர் இப்போது இரண்டில் ஒன்றைச் செய்தாக வேண்டும். நிற்கவே தெம்பில்லாத உடம்போடு கிளினிக்குக்குப் போய் டோக்கன் வாங்கி உட்கார வேண்டும். அல்லது மறுநாள் எழுந்து நடமாடும்போது, நேற்றே போய்விட்ட நோய்க்கு ஒரு மருத்துவரிடம் கையெழுத்துக் கேட்க வேண்டும்.

தமிழ்நாட்டின் அலுவலகங்களிலும் கடைகளிலும் ஆலைகளிலும் இது அன்றாடம் நடக்கிறது. இதைப் பற்றிப் பேசுவோர் வழக்கமாக இரண்டு அணியாகப் பிரிந்து நிற்பார்கள். சான்றிதழ் கேட்காவிட்டால் திங்கட்கிழமைதோறும் பாதிப் பேர் வரமாட்டார்கள் என்பது நிர்வாகத் தரப்பின் அச்சம். வயதுவந்த ஒருவர் சொல்லும் சொல்லை நம்ப மறுப்பது அவமதிப்பு என்பது ஊழியர் தரப்பின் வருத்தம். இரண்டு வாதங்களும் நேர்மையைச் சுற்றியே வருகின்றன. இக்கட்டுரை வேறொரு கேள்வியிலிருந்து தொடங்குகிறது: அந்த ஒரு தாள் வந்தால் எது மாறுகிறது? பணம் தருபவர் மாறுகிறாரா, விடுப்புக் கணக்கு மாறுகிறதா, பின்னால் எழக்கூடிய ஓர் உரிமைக்கு அது ஆதாரமாகிறதா? ஏதேனும் ஒன்று மாறும் என்றால் ஒரே ஒரு நாளுக்கும் சான்றிதழ் வேண்டும். எதுவும் மாறாது என்றால் தகவல் போதும். விதிகளை வரிவரியாகப் படித்தால் அவையும் பெரும்பாலும் இந்தக் கோட்டின்மீதே நிற்கின்றன.

விதிப் புத்தகங்களில் உள்ளது

ஒன்றிய அரசு ஊழியர்களுக்கான மத்தியக் குடிமைப் பணிகள் (விடுப்பு) விதிகள் 1972-இல் வந்தவை. அவற்றின் 19ஆம் விதி மருத்துவச் சான்றின்பேரில் விடுப்புப் பெறும் முறையைச் சொல்கிறது. அந்த விதியின் ஐந்தாம் உட்பிரிவு இந்த விவாதத்துக்கு மிக முக்கியமானது. அதிகம் பேசப்படாததும் அதுவே. ஒரு முறைக்கு மூன்று நாளுக்கு மிகாத விடுப்பு என்றால், சான்றிதழ் வேண்டாம் என்று விட்டுவிட விடுப்பு வழங்கும் அதிகாரிக்கு அது அதிகாரம் தருகிறது. அதே மூச்சில் ஒரு நிபந்தனையும் வைக்கிறது: அப்படித் தந்த விடுப்பை மருத்துவச் சான்றின் பேரிலான விடுப்பாகக் கருதக் கூடாது, மருத்துவக் காரணம் அல்லாத வேறு விடுப்புக் கணக்கில்தான் கழிக்க வேண்டும்.

இந்த விதி ஊழியர் பொய் சொல்கிறாரா என்று கேட்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எந்தக் கணக்கில் கழிப்பது என்றுதான் கேட்கிறது. சான்றிதழ் இருந்தால் ஒரு கணக்கு, இல்லாவிட்டால் இன்னொரு கணக்கு. நோய் உண்மையா என்ற விசாரணைக்கே இங்கு இடமில்லை.

இதன் நடைமுறை விளைவைப் பார்க்கலாம். ஒன்றிய அரசு ஊழியருக்கு ஆண்டுக்கு 8 நாள் தற்செயல் விடுப்பு உண்டு. அரைச் சம்பள விடுப்பு ஆண்டுக்கு 20 நாள் சேரும். இருமலோடு கூடிய காய்ச்சலில் ஒரு நாள் படுத்தவர் அதைத் தற்செயல் விடுப்பில் எழுதினால், ஒரு விண்ணப்பத்தோடு வேலை முடிந்தது. தற்செயல் விடுப்பு தீர்ந்துபோயிருந்தால், மருத்துவச் சான்றைக் கொடுத்து அரைச் சம்பள விடுப்பை முழுச் சம்பள விடுப்பாக மாற்றிக்கொள்ளலாம். அப்போது அந்த ஒரு நாளுக்கு அரைச் சம்பளக் கணக்கில் இரண்டு நாள் குறையும். அதோடு 24ஆம் விதியும் வந்து நிற்கும்: மருத்துவச் சான்றின்பேரில் விடுப்பில் போனவர் உடற்தகுதிச் சான்று இல்லாமல் பணிக்குத் திரும்ப முடியாது. ஆக, ஒரு நாள் காய்ச்சலுக்கு 'இவருக்கு ஓய்வு தேவை' என்று ஒரு தாள், 'இவர் தேறிவிட்டார்' என்று இன்னொரு தாள். தற்செயல் விடுப்பு கையிருப்பில் இருக்கும்போதே ஒரு நாளுக்கு எம்.சி. கேட்கும் மேலதிகாரி, விதி கேட்காத ஒன்றைக் கேட்கிறார் என்றே சொல்ல வேண்டும்.

தமிழ்நாடு அரசு ஊழியருக்குத் தற்செயல் விடுப்பு ஆண்டுக்கு 12 நாள். எதிர்பாராமல் வரும் தேவைகளுக்கென்றே அது வைக்கப்பட்டிருக்கிறது. ஒருநாள் வயிற்றுவலியைவிட எதிர்பாராத தேவை வேறென்ன இருக்க முடியும்? 'எம்.எல். போடுவது' என்று அலுவலகங்களில் சொல்லப்படும் மருத்துவச் சான்றின் பேரிலான ஈட்டா விடுப்பு, நாள்கணக்கில் நீளும் நோய்களுக்கானது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் ஒரு நாளுக்கும் தாள் கேட்கும் வழக்கம் வேர்விட்டது.

தனியார் துறையில் படம் வேறு. கடைகள், வணிக அலுவலகங்களுக்கான தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இல் இயற்றப்பட்டது. அதன் 25ஆம் பிரிவு நோய் அல்லது விபத்துக் காரணமாக ஆண்டுக்கு 12 நாள் வரை சம்பளத்துடன் விடுப்புத் தருகிறது. நியாயமான எந்தக் காரணத்துக்கும் இன்னொரு 12 நாள் வரை தற்செயல் விடுப்பும் தருகிறது. எத்தனையாவது நாளிலிருந்து சான்றிதழ் என்று அந்தப் பிரிவு கோடு கிழிக்கவில்லை. அந்த வெற்றிடத்தைத்தான் ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி நிரப்பிக்கொள்கிறது. துணிக்கடை விற்பனையாளர் ஒருவருக்கு இரண்டு தனித்தனிக் கணக்குகள் இருக்கின்றன என்பதே பல நேரம் அவருக்குத் தெரிவதில்லை. தெரிந்திருந்தால், சான்றிதழ் கிடைக்காத ஒரு நாளைத் தற்செயல் விடுப்பில் கழித்துக்கொள்ளும்படி அவரே கேட்கலாம்.

ஆலைகளின் மாதிரி நிலையாணை

தகவல் போதும் என்ற நிலைப்பாட்டுக்கு மிகப் பழைய எழுத்துச் சான்று ஆலைச் சட்டங்களிலேயே இருக்கிறது. 1946-ஆம் ஆண்டின் தொழில் நிறுவன வேலைவாய்ப்பு (நிலையாணைகள்) சட்டத்தின்கீழ் ஒன்றிய அரசு வெளியிட்ட மாதிரி நிலையாணைகளில் தற்செயல் விடுப்புக்கென்று ஓர் ஆணை உண்டு. ஆண்டுக்கு மொத்தம் 10 நாளுக்கு மிகாமல், நோய் தவிர மற்றவற்றுக்கு ஒரே நேரத்தில் மூன்று நாளுக்கு மிகாமல் விடுப்புத் தரலாம் என்கிறது அது. பொதுவாகத் துறைத் தலைவரின் முன் அனுமதி வேண்டும். அது இயலாதபோது, வர முடியாமல் போனதையும் எத்தனை நாள் ஆகலாம் என்பதையும் கூடிய விரைவில் எழுத்தில் அவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

இரண்டே தகவல்கள்: வரவில்லை என்பது, உத்தேசமாக எத்தனை நாள் என்பது. தொழிலாளி வராத காலையில் மேற்பார்வையாளருக்கு உண்மையில் தேவைப்படுவது இவ்வளவுதான். அந்தத் தறியில் யாரை நிறுத்துவது, நாளைக்கும் ஆள் தேட வேண்டுமா என்பதை இவற்றைக் கொண்டு முடிவு செய்துவிடலாம். மறுநாள் வந்து சேரும் சான்றிதழால் முந்தைய நாள் காலியாகக் கிடந்த தறியை ஓட்ட முடியாது.

ஜெர்மனியின் நோய்க்கால ஊதியச் சட்டமும் ஏறக்குறைய இதையே சொல்கிறது என்பது ஆச்சரியம் தரும் ஒற்றுமை. நோயையும் அதன் உத்தேசக் காலத்தையும் ஊழியர் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். நோய் மூன்று நாளைத் தாண்டினால்தான் அடுத்த வேலை நாளில் மருத்துவச் சான்று பெற வேண்டும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு சட்ட மரபுகள் தகவல் சொல்லும் கடமையையும் நிரூபிக்கும் கடமையையும் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கின்றன. முதலாவது உடனடிக் கடமை, எல்லோருக்கும் உரியது. இரண்டாவது பிறகு வருவது, சிலருக்கு மட்டும் உரியது.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருப்பதாக ஒன்றிய அரசு அறிவித்திருக்கிறது. பழைய சட்டங்கள் பல அவற்றுக்குள் அடங்கியிருக்கின்றன. பெயர்களும் பிரிவு எண்களும் மாறினாலும் இந்தப் பிரிவினை மாற வேண்டிய காரணம் எதுவும் இல்லை.

அந்தத் தாளில் என்ன இருக்கிறது?

சான்றிதழைக் கையில் எடுத்துப் பார்ப்பது அவசியம். இந்திய மருத்துவக் குழுமத்தின் 2002-ஆம் ஆண்டு நன்னடத்தை விதிமுறைகள் விடுப்புச் சான்றிதழுக்கு ஒரு மாதிரிப் படிவம் தந்திருக்கின்றன. (2023 ஆகஸ்டில் வெளியான புதிய விதிமுறைகள் அதே மாதத்தில் நிறுத்திவைக்கப்பட்டதால், பழையவையே இன்றும் செல்லுபடியாகின்றன.) படிவத்தின் மேல்பகுதியில் நோயாளியின் கையொப்பம் அல்லது கைநாட்டு இருக்க வேண்டும், அதை மருத்துவரின் முன்னிலையில் இட வேண்டும். பிறகு அங்க அடையாளம். அடுத்து மருத்துவரின் வாக்குமூலம்: கவனமாகப் பரிசோதித்தேன், மேலே கையொப்பமிட்டவர் இன்ன நோயால் அவதிப்படுகிறார், இன்ன தேதியிலிருந்து இத்தனை நாள் பணிக்குச் செல்லாதிருப்பது அவர் உடல்நலம் மீள மிகவும் அவசியம் எனக் கருதுகிறேன். தரும் சான்றிதழ்களுக்கு மருத்துவர் ஒரு பதிவேடு வைத்து, நகலும் எடுத்து வைக்க வேண்டும்.

படிவம் முழுதும் நிகழ்காலத்தில் எழுதப்பட்டிருக்கிறது. 'அவதிப்படுகிறார்' என்றுதான் மருத்துவர் எழுத முடியும். 'நேற்று அவதிப்பட்டாராம்' என்று எழுத அதில் இடமில்லை. ஒருநாள் நோயின் அடிப்படைச் சிக்கல் இங்கேதான் இருக்கிறது.

ஒரு நாளில் வந்து போகும் நோய்களை எண்ணிப் பார்க்கலாம்: ஒற்றைத் தலைவலி, மாதவிடாய் வலி, உணவு ஒவ்வாமல் வரும் வாந்தி, சிறு வைரஸ் காய்ச்சல், தலைசுற்றல், தூங்கவிடாத பல்வலி. இவற்றுள் பல்வலிக்கு மட்டுமே மறுநாள் வாயைத் திறந்து பார்த்தால் ஏதாவது தெரியும். ஒற்றைத் தலைவலி தீர்ந்த மறுநாள் எந்தச் சோதனையிலும் அதன் தடம் கிடைக்காது. நாடித் துடிப்பு சீராக இருக்கும், வெப்பமானி 98.4 காட்டும். மருத்துவர் கேட்பார், நோயாளி சொல்வார், மருத்துவர் எழுதுவார். நிர்வாகம் நேற்று வாட்ஸ்அப்பில் படித்த அதே வாக்கியம், இப்போது முத்திரையோடு திரும்பி வருகிறது. அதில் கூடுதலாகச் சேர்ந்தது மருத்துவரின் பொறுப்பு மட்டுமே. பரிசோதிக்காத நாளைப் பரிசோதித்ததாக எழுதினால் அதே விதிமுறைகளின்படி அவர் தொழில்முறைத் தவறு செய்தவராகிறார். தவறான சான்றிதழ் தருவது, வழங்கப்படும் சூழ்நிலையைப் பொறுத்துக் குற்றவியல் சட்டத்திலும் வரும்.

நேர்மையான மருத்துவருக்கு இதில் ஒரு வழி உண்டு. நோயாளி வந்த தேதியையே சான்றிதழின் தேதியாகப் போட்டு, முந்தைய நாளின் அறிகுறிகள் நோயாளி சொன்னபடி எனக் குறிப்பிட்டு, இன்று பணிக்குத் திரும்பத் தகுதியுடன் இருக்கிறார் என்று எழுதலாம். இதைப் பெறும் நிர்வாகம் முகம் சுளிக்கக் கூடாது. முன்தேதியிட்டு, 'மூன்று நாள் ஓய்வு' என்று அச்சடித்ததுபோல் வரும் சான்றிதழைவிட இது எவ்வளவோ உண்மையானது.

அந்த 'மூன்று நாள் ஓய்வு' தனியாகக் கவனிக்க வேண்டியது. காய்ச்சலோடு வருபவருக்கு அது ஒரு நாளில் தணியுமா, நான்கு நாள் இழுக்குமா என்று முதல் நாளில் எந்த மருத்துவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. டெங்கு பரவும் பருவத்தில் சொல்லவே முடியாது. ஆகவே எச்சரிக்கையாக மூன்று நாள் எழுதுவார். மருத்துவ நோக்கில் அது சரி. ஆனால் தானாக மறுநாளே வேலைக்கு வந்திருக்கக் கூடியவர், ஓய்வெடுக்கச் சொல்லி எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் வீட்டில் இருப்பார். ஒரு நாள் விடுப்பைத் தடுக்கக் கேட்ட சான்றிதழ் அதை மூன்று நாளாக்கிவிடும்.

ஒரு தையல் தொழிலாளியின் கணக்கு

சான்றிதழ் ஒரு நாளுக்குக்கூடப் பயன்படும் இடமும் உண்டு. அதைத் துல்லியமாகக் காட்டுவது இ.எஸ்.ஐ. திட்டம். ஓர் உதாரணக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் நாளுக்கு 600 ரூபாய் வாங்கும் ஒரு தையல் தொழிலாளி. மாதம் 26 நாள் வேலை என்றால் 15,600 ரூபாய். இ.எஸ்.ஐ. சம்பள வரம்பான 21,000 ரூபாய்க்குள் வருகிறார். ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாளுக்குக் குறையாமல் சந்தா கட்டப்பட்டிருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். அவருக்கு நோய்க்காலப் பணப்பயன் சராசரி நாள் ஊதியத்தில் 70 விழுக்காடு. அதாவது நாளுக்கு 420 ரூபாய். ஆனால் ஒரு நோய்க்காலத்தின் முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது.

செவ்வாய்க்கிழமை அவருக்கு வாந்தி. இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போய் மருத்துவரைப் பார்த்து ஒரு நாளுக்குச் சான்று வாங்குகிறார். புதன்கிழமை வேலைக்கு வருகிறார். அவருக்கு இ.எஸ்.ஐ. தரும் தொகை சுழியம். காத்திருப்புக் காலத்துக்குள்ளேயே நோய் தீர்ந்துவிட்டது. பணத்தைப் பொறுத்தவரை அந்தச் சான்றிதழ் அவருக்குத் தந்தது ஒன்றுமில்லை.

இப்போது சற்று வேறான நிலையைப் பார்ப்போம். அதே தொழிலாளிக்கு மாதத் தொடக்கத்தில் டெங்கு வந்து ஆறு நாள் சான்றிதழோடு விடுப்பு. முதல் இரண்டு நாள் போக, நான்கு நாளுக்கு 1,680 ரூபாய் கிடைத்தது. தேறி வேலைக்குத் திரும்பிய பத்தாம் நாள் மீண்டும் காய்ச்சலும் சோர்வும். ஒரே ஒரு நாள் படுக்கிறார். பணப்பயன் கடைசியாக வழங்கப்பட்ட நோய்க்காலம் முடிந்து 15 நாளுக்குள் மறுபடி நோய் வந்தால் காத்திருப்புக் காலம் கிடையாது. ஆகவே அந்த ஒரு நாளுக்கு, காப்பீட்டு மருத்துவ அலுவலரின் சான்று இருந்தால், 420 ரூபாய் உண்டு. சான்று இல்லாவிட்டால் அதை அவர் இழப்பார். கம்பெனி அந்த நாளுக்குச் சம்பளத்துடன் விடுப்புத் தந்துவிட்டால் மட்டும் இந்தத் தொகை வராது.

அதே தொழிலாளி, அதே ஒரு நாள். முதல் தடவை சான்றிதழ் வெறும் அலைச்சல். இரண்டாம் தடவை அது பணம். இந்த வேறுபாட்டை முடிவு செய்தது அவருடைய நேர்மை அன்று. பணம் யார் கையிலிருந்து வருகிறது என்பதே. கம்பெனியின் மனிதவளப் பிரிவு இந்த 15 நாள் விதியைத் தொழிலாளிக்கு எடுத்துச் சொல்வது, எல்லோரிடமும் எல்லா நாளுக்கும் எம்.சி. கேட்பதைவிடப் பயனுள்ள வேலை.

வேலையிடக் காயம் இதைவிட முக்கியமானது. தையல் ஊசி விரலில் இறங்கிவிடுகிறது. கட்டுப்போட்டு ஒரு நாள் ஓய்வு. விபத்து நடந்த நாளை விட்டு மூன்று நாளுக்குக் குறைந்தால் தற்காலிக ஊனப் பணப்பயன் கிடைக்காது என்பதால், பலர் இதைப் பதியாமலே விட்டுவிடுகிறார்கள். பத்து நாள் கழித்து விரல் சீழ்பிடித்துப் பெரிய சிகிச்சை தேவைப்பட்டால், காயம் ஆலைக்குள்தான் ஏற்பட்டது என்று காட்ட என்ன இருக்கிறது? விபத்துப் பதிவேட்டில் ஒரு பதிவும் அன்றைய மருத்துவக் குறிப்பும் இருந்தால் மட்டுமே உரிமை நிற்கும். வேலையிடக் காயத்துக்கு, அது அரை நாளானாலும், மருத்துவரின் எழுத்து அன்றைக்கே வேண்டும். இதில் விதிவிலக்கே கூடாது. காயம் தெரியாமல் இருக்கட்டும் என்று 'செய்தி போதும், வீட்டில் இரும்மா' என்று பரிவோடு அனுப்பும் நிர்வாகம் தொழிலாளிக்குத் தீங்கு செய்கிறது.

கேட்காவிட்டால் விடுப்புப் பெருகுமா?

நிர்வாகங்களின் அச்சத்தைப் புறந்தள்ளிவிட முடியாது. அதற்கு ஆதரவாக நல்ல ஆதாரம் ஒன்று இருக்கிறது. சுவீடனில் நோய் விடுப்பின் எட்டாம் நாளில் மருத்துவச் சான்று தர வேண்டும் என்பது விதி. 1988-ஆம் ஆண்டின் பிற்பாதியில் கோத்தன்பர்க் நகரிலும் யெம்ட்லாந்து மாகாணத்திலும் ஒரு சோதனை நடந்தது. பிறந்த தேதியை வைத்து மக்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் எட்டாம் நாள் வரம்பை 15ஆம் நாளாகத் தள்ளிவைத்தார்கள். பின்னாளில் ஹார்ட்மன், ஹெசெலியஸ், யொஹான்ஸன் ஆகிய பொருளியலாளர்கள் அந்தத் தரவுகளை ஆராய்ந்தபோது, வரம்பு தள்ளிப்போனவர்களின் விடுப்பு நீண்டிருந்தது தெரிந்தது. மேற்பார்வை தளர்ந்தால் விடுப்பு நீளும் என்பதற்கு இது வலுவான சான்று.

ஆனால் அது எதற்குச் சான்று என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சோதனை அளந்தது ஏற்கெனவே ஒரு வாரத்தைத் தொடும் விடுப்பு எவ்வளவு நீள்கிறது என்பதை. முதல் நாளிலேயே சான்றிதழ் கேட்டால் ஒருநாள் விடுப்புக் குறையும் என்று அது நிரூபிக்கவில்லை. மேலும், எட்டாம் நாளிலும் படுத்திருப்பவரிடம் மருத்துவர் பார்க்க ஏதாவது இருக்கும். நேற்றைய தலைவலியில் அது இல்லை.

சந்தேகத்துக்கு உண்மையிலேயே இடம் தரும் ஒருநாள் விடுப்பும் உண்டு. ஜெர்மனியில் ஓர் ஒளிபரப்பு நிறுவனத்தின் ஆசிரியர், 2010 நவம்பர் 30-க்கு அலுவல் பயணம் செல்ல அனுமதி கேட்டார், மறுக்கப்பட்டது. அந்த நாளில் உடல்நலமில்லை என்று தெரிவித்துவிட்டு மறுநாள் வேலைக்கு வந்தார். இனிமேல் நோயின் முதல் நாளிலேயே மருத்துவரைப் பார்த்துச் சான்றிதழ் தர வேண்டும் என்று நிறுவனம் ஆணையிட்டது. வழக்கு கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் வரை போனது. 2012 நவம்பர் 14 அன்று நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது: முன்கூட்டியே கேட்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு, அதற்குத் தனிச் சந்தேகம் எதையும் காட்டத் தேவையில்லை.

இத்தீர்ப்பின் இரண்டாம் பகுதி ஏற்கத்தக்கதாகத் தோன்றவில்லை. அதிகாரம் இருப்பது வேறு, காரணமின்றி அதைப் பயன்படுத்துவது வேறு. ஆனால் அந்த நிறுவனம் செய்த ஒரு காரியம் கவனத்துக்குரியது. கடந்துபோன நாளுக்கு அது சான்றிதழ் கேட்கவில்லை. இனி வரும் நாள்களுக்கு, ஒரு குறிப்பிட்ட ஊழியருக்கு, முன்னறிவித்துக் கேட்டது. மருத்துவரால் நிறைவேற்றக்கூடிய கோரிக்கை அது ஒன்றுதான். விடுப்பு மறுக்கப்பட்ட அதே நாளில் நோய் வருவது, சம்பளம் வாங்கிய மறுநாள்தோறும் நோய் வருவது போன்ற தெளிவான ஒழுங்கு தெரியும்போது, அந்த ஒருவரிடம் எழுத்தில் சொல்லிவிட்டு அடுத்த முறை முதல் கேட்பது நியாயமே.

கனடா இதற்கு எண்ணிக்கையில் ஒரு வரம்பு வைத்துப் பார்த்திருக்கிறது. நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் 2023 ஜூலை முதல், ஐந்து வேலை நாளுக்கு மேல் வராதிருந்தாலோ, முந்தைய 12 மாதத்தில் ஏற்கெனவே இரண்டு சிறு விடுப்புகள் எடுத்திருந்தாலோதான் சான்றிதழ் கேட்க முடியும். தமிழர்கள் பெருந்தொகையாக வாழும் ஒன்டாரியோவில் சட்டம் முன்னும் பின்னும் போய்வந்தது: 2018 தொடக்கத்தில் தடை, 2019 தொடக்கத்தில் தடை நீக்கம், 2024 அக்டோபர் 28 முதல் சட்டப்படியான மூன்று நோய் விடுப்பு நாள்களுக்கு மருத்துவச் சான்று கேட்க மறுபடி தடை. ஒருநாள் சளிக்காகக் கையெழுத்து வாங்க வருபவர்களால் உண்மையான நோயாளிகளுக்கான நேரம் போகிறது என்ற மருத்துவர்களின் முறையீடு இந்தச் சட்டங்களுக்குப் பின்னால் இருந்தது. காலையில் அரசு மருத்துவமனைப் புறநோயாளிகள் வரிசையைப் பார்த்த எவருக்கும் அந்த முறையீடு அந்நியமாகத் தெரியாது.

உணவகமும் பள்ளியும்

உணவைக் கையாளும் வேலையில் ஒருநாள் வயிற்றுப்போக்கு சாதாரண விஷயமன்று. உணவுப் பாதுகாப்பு விதிமுறைகளின் நான்காம் அட்டவணை, மஞ்சள் காமாலை, வயிற்றுப்போக்கு, வாந்தி, காய்ச்சல், சீழ்ப்புண் போன்றவை இருந்தால் ஊழியர் அதை நிர்வாகத்திடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது. இங்கே பொதுமக்களைக் காப்பது அந்தத் தெரிவிப்புதான். சமையல்காரர் காலையில் உண்மையைச் சொல்லிவிட்டால் சட்னி அரைக்கும் இடத்திலிருந்து அவர் விலகி இருப்பார். சான்றிதழுக்கு 300 ரூபாய் செலவாகும், ஒரு நாள் கூலியும் போகும் என்றால் அவர் சொல்லாமலே வேலைக்கு வந்துவிடுவார். ஆகவே உணவகத்தில் முதல் நாளுக்குச் செய்தி போதும் என்பதோடு, அந்தச் செய்திக்குத் தண்டனை இருக்கவே கூடாது. வாந்தி, பேதி நின்ற பிறகும் 48 மணி நேரம் உணவைத் தொடாமல் இருப்பது பிரிட்டன் உணவுத் தர முகமை பரிந்துரைக்கும் எச்சரிக்கை. மஞ்சள் காமாலை போன்றவற்றில், திரும்பி வரும்போது மருத்துவரின் தகுதிச் சான்று கேட்பது சரி. அந்தத் தாள் நேற்றைப் பற்றியது அன்று, இன்றைப் பற்றியது.

பள்ளிக் குழந்தைக்குப் பெற்றோர் எழுதும் விடுப்புக் கடிதமே போதும். கல்லூரியில் வருகைப் பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும்போது மருத்துவக் காரணத்துக்காகச் சலுகை தரும் பல்கலைக்கழகங்கள் பல. அங்கே ஒரு நாளுக்கான சான்றும் பருவ இறுதியில் மதிப்புப் பெறும். செய்முறைத் தேர்வு நாளன்று நோய் வந்தால் அன்றே மருத்துவரைப் பார்ப்பது அவசியம். மறுதேர்வு என்ற உரிமை அந்தத் தேதியிட்ட தாளைத்தான் நம்பி இருக்கும்.

செய்தியை எழுதும் முறை

சான்றிதழை விலக்கினால் செய்தியின் பொறுப்புக் கூடுகிறது. 'உடம்பு சரியில்லை, லீவு' என்று பத்தரை மணிக்கு அனுப்புவது மாதிரி நிலையாணை கேட்கும் தகவல் அன்று. இப்படி எழுதலாம்:

"வணக்கம் சார். இரவிலிருந்து காய்ச்சல். இன்று (12ஆம் தேதி) வர இயலாது. நாளை வந்துவிடுவேன் என்று நினைக்கிறேன். முடியாவிட்டால் மாலை ஆறு மணிக்குள் சொல்லிவிடுகிறேன். பகல் 12 மணிக்கு வரவேண்டிய லோடுக்கான பில் என் மேசையில் பச்சைக் கோப்பில் இருக்கிறது. இன்றைய நாளைத் தற்செயல் விடுப்பில் எடுத்துக்கொள்ளவும்."

வேலை தொடங்கும் முன் போக வேண்டும்; குழுவில் மட்டுமன்றி, பொறுப்பாளருக்குத் தனியாகவும் போக வேண்டும். நோயின் பெயரை விவரமாகச் சொல்லக் கட்டாயமில்லை. மாதவிடாய் வலியை முப்பது பேர் இருக்கும் குழுவில் எழுத வைக்கும் எந்த வழக்கமும் நிறுத்தப்பட வேண்டியது. எந்தக் கணக்கில் விடுப்பு என்ற கடைசி வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மாதக் கடைசியில் சம்பளப் பிடித்தம் பற்றி வரும் தகராறுகளில் அந்த வரிதான் ஆதாரம். செய்தியின் திரைப்பிடிப்பைச் சம்பளம் வரும்வரை அழிக்காமல் வைத்திருப்பது நல்லது.

நிறுவனங்கள் தங்கள் விடுப்பு விதிகளில் இதை எழுதிவைக்க வேண்டும். இரண்டு நாள் வரையான நோய்க்கு, வேலை நேரத்துக்கு முன் அனுப்பிய செய்தி போதும். வேலையிடக் காயம், இ.எஸ்.ஐ. பணப்பயன் வரக்கூடிய மறுநோய், சான்றின்பேரில் மட்டும் தரப்படும் விடுப்பு, தேர்வு ஆகியவற்றுக்கு ஒரு நாளானாலும் அன்றைய தேதியிட்ட சான்றிதழ் வேண்டும். ஒருவர்மீது சந்தேகம் இருந்தால் அவரிடம் எழுத்தில் சொல்லிவிட்டு, அடுத்த முறை முதல் கேட்கலாம். அப்படிக் கேட்கும்போது மருத்துவரின் கட்டணத்தை நிறுவனமே தர வேண்டும். கடந்துபோன நாளுக்குச் சான்றிதழ் கேட்பதை மட்டும் எந்த நிர்வாகமும் இன்றைக்கே நிறுத்திவிடலாம். அதைக் கட்டாயமாக்கும் விதி இங்கே பார்த்த எந்தப் புத்தகத்திலும் இல்லை.